இரண்டு காலங்களைப் பின்னி எழுதும் நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் கரையை வைத்து நாவல் எழுதுபவர்களில் பலருக்கு, தனுஷ்கோடியை அழித்த 1964 புயல் எப்படியாவது கதைக்குள் வந்துவிடுகிறது. இன்றைய தங்கச்சிமடமோ பாம்பனோ ஒரு இழை, அன்றைய தனுஷ்கோடி இன்னொரு இழை. கைப்பிரதி வாசிக்கும் வேலையில் இருப்பதால் இதையொட்டி வரும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே கற்பனைக் கதையை எடுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு அத்தியாயம், இன்றைக்கு ஒரு அத்தியாயம் என்று மாற்றி மாற்றி எழுதினால் போதாதா?

போதாது. அப்படி எழுதினால் இரண்டு கதைகளை ஒரே அட்டைக்குள் கட்டியதாகத்தான் இருக்கும். சோதித்துப் பார்ப்பது எளிது. இன்றைய அத்தியாயங்களை மட்டும் உருவி எடுத்து வரிசையாகப் படியுங்கள். எங்கேயும் தட்டாமல் கதை முழுசாகப் புரிந்தால் பழைய இழை அலங்காரமாகத்தான் தொங்குகிறது. அடுத்து பழைய இழையை மட்டும் படித்துப் பாருங்கள். சரியாகப் பின்னிய கதையில் இரண்டு பக்கமும் ஓட்டை தெரியும். ஒன்றில் ஓட்டை விழுந்த இடத்தை அடைக்கும் துண்டு மற்றதில் இருக்கும்.

பெரும்பாலான கைப்பிரதிகளில் இது ஒரு பக்கம் மட்டும்தான் நடக்கிறது. இன்று ஒரு மர்மம், அன்று அதற்கு விளக்கம். அதாவது இன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது, அன்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அன்றும் கேட்க வேண்டும், அதற்கு இன்று பதில் சொல்ல வேண்டும்.

அன்று நடந்ததற்கு இன்று எப்படிப் பதில் சொல்லும்? நடந்தது நடந்ததுதானே?

இரண்டு இழைகளும் கேட்கும் கேள்வியின் சாயலே வேறு. இன்று கேட்பது பெரும்பாலும் 'ஏன் இப்படி இருக்கிறது?' என்பது. பாட்டி ஏன் அந்த வீட்டுப் படியேறுவதில்லை, இந்த இரண்டு குடும்பமும் ஏன் பேசிக்கொள்வதில்லை. இதற்குப் பதில் அன்றில்தான் இருக்கும். அன்று கேட்பது 'இனி என்ன ஆகும்?' என்பது. சொல்வாளா மாட்டாளா, திரும்பி வருவானா மாட்டானா. அதில் இருக்கிற ஆட்களுக்குப் பதில் தெரியாது. ஆனால் அறுபது வருடம் கழித்து ஊரில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே பதில்.

கதையைச் சொல்கிறேன், அப்போது பிடிபடும். 2025 ஜனவரி, தங்கச்சிமடம். ரீத்தாவுக்கு வீட்டு மனையைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். பட்டா அவளுடைய தாத்தா சவரிமுத்துவின் பெயரில் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் கேட்டால் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். தாத்தாவுக்கு அது இல்லை, புயலில் போனவர். ஏழு வருடமாகத் தகவலே இல்லாத ஆளை இறந்தவராகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தில் விதி இருக்கிறது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்த பிறகும் அது தொடர்கிறது. அதன்படி நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று வக்கீல் சொல்லி, பாட்டி சூசையம்மாள் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்கிறார். '1964 டிசம்பர் 22 இரவு புயலில் என் கணவர் காணாமல் போனார்' என்று அதில் ஒரு வரி. பாட்டி மையில் விரலைத் தொட்டுவிட்டு, காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்.

ஏன் கைநாட்டு வைக்கவில்லை? இது இன்று கேட்கும் கேள்வி.

இப்போது 1964 ஐப்பசி. சவரிமுத்துவுக்கும் தம்பி அந்தோணிக்கும் பொதுவாக வத்தை என்ற நாட்டுப்படகு ஒன்று. கடன் கழுத்தை நெரிக்க, தம்பிக்குத் தெரியாமல் சவரிமுத்து அதற்கு விலைபேசி முன்பணம் வாங்கிவிடுகிறான். விஷயம் வெளியே வருவதற்குள் ஒரு ராத்திரி கள்ளத்தோணியில் மன்னார்ப் பக்கம் போய்விடுகிறான். அந்த அக்டோபர் கடைசியில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, இலங்கைத் தோட்டங்களிலிருந்து லட்சக்கணக்கானவர்களை இந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவானது. இவன் எதிர்த்திசையில் போகிறான். கப்பலில் போகவில்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. மறுநாள் காலை கொழுந்தன் வந்து நிற்கிறான்.

"அண்ணன் எங்க மதினி?"

"தனுஷ்கோடிக்கு மூட்டை தூக்கப் போயிருக்காக. ரெண்டு மாசம் ஆகும்."

இந்தச் சின்னப் பொய்யை அவள் எப்போது திருத்துவாள்? இது அன்று கேட்கும் கேள்வி. பதில் இன்றைய இழையில், தங்கச்சிமடம் கரையில் நிற்கிறது. அந்தோணியின் பேரன்கள் வைத்திருக்கும் விசைப்படகின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 'சவரிமுத்து' என்று எழுதியிருக்கிறது. புயலில் செத்த பெரியவர் பெயரைப் படகுக்கு வைத்திருக்கிறார்கள். ஆக, அவள் திருத்தவே இல்லை.

அந்தப் படகைக் காட்டும் அத்தியாயத்தில் 'அவள் சொல்லவில்லை' என்று ஒரு வரிகூட வேண்டாம். பெயரை மட்டும் காட்டுங்கள், வாசகர் கூட்டிக்கொள்வார்.

புயல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் என்ன எதிர்பார்ப்பு மிஞ்சும்?

புயலையே கேள்வியாக வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. 'கடல் ஏதோ சொல்ல வருவதுபோல் இருந்தது' என்ற மாதிரி வரிகளால் பத்துப் பக்கம் நிரப்பி, கடைசியில் ரயில் அலையில் போவதைக் காட்டுபவர்கள் நிறைய. டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பன்–தனுஷ்கோடி பயணி ரயில் அடித்துச் செல்லப்பட்டது இந்தக் கரையில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அதை ஒளித்து வைத்துத் திடீரென்று காட்ட முடியாது.

ஆனால் வாசகருக்கு முன்கூட்டியே தெரிவதை நமக்குச் சாதகமாகத் திருப்பலாம். சூசையம்மாள் 'தனுஷ்கோடிக்குப் போயிருக்காக' என்று சொல்லும்போது அவளைப் பொறுத்தவரை அது ஒரு வாய்ச்சொல். ரெண்டு மாதத்தில் பணம் அனுப்புவான், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அப்புறம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். வாசகருக்குத்தான் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் திக்கென்கிறது. அவள் வாயில் வந்தது கருவாட்டு வாடியோ மண்டபமோ அல்ல, தனுஷ்கோடி. அவன் செத்தான் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்று மட்டும்தான் சொன்னாள். மிச்சத்தைப் புயல் சொல்லிவிட்டது.

வரலாற்று நிகழ்வைக் கதைக்குள் வைக்கும்போது 'அது நடக்குமா' என்பதை விட்டுவிட்டு, 'அது நடக்கும்போது இவள் எந்தப் பொய்யோடு நிற்பாள்' என்று கேளுங்கள்.

பதிலை எவ்வளவு நேரம் தள்ளிப் போடலாம்?

சின்னக் கேள்வி என்றால் அடுத்த அத்தியாயத்திலேயே கொடுத்துவிடுங்கள். நடுத்தரமானதை இரண்டு மூன்று மாற்றங்கள் தாங்கும். பெரிய கேள்வி, இங்கே அந்தக் கைநாட்டு, கடைசிவரை போகலாம். ஆனால் நடுவில் அது வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வளர்வது என்றால், ஒவ்வொரு முறை பாதிப் பதில் கிடைக்கும்போதும் கேள்வியே உருமாறுவது.

இந்தக் கதையில் முதலில் 'ஏன் கைநாட்டு வைக்கவில்லை?' அவன் புயலுக்கு முன்பே போய்விட்டான் என்று தெரிந்ததும் அது 'அப்படியானால் ஊரை ஏன் நம்பவிட்டாள்?' ஆகிறது. தனுஷ்கோடிப் பொய் தெரிந்ததும் 'அறுபது வருடம் அந்தோணி வீட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டவளுக்கு இந்தக் காகிதத்தில் மட்டும் என்ன தயக்கம்?' ஆகிறது. மூன்றும் ஒரே கேள்விதான், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு படி உள்ளே போகிறது. உருமாறாமல் அப்படியே கிடந்தால் வாசகருக்கு எரிச்சல்தான் வரும். எழுத்தாளர் வேண்டுமென்றே மறைக்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

பதிலைத் தள்ளிப்போடுவதற்காகப் பாத்திரங்களை ஊமையாக்காதீர்கள். 'அதை விடு, இன்னொரு நாள் சொல்றேன்' என்று ஒருமுறை சொல்லலாம். இரண்டாம் முறை சொன்னால் வசனம் நாடகமாகிவிடும். பாட்டி சொல்லாததற்குக் காரணம் வேண்டும். இங்கே இருக்கிறது: சொன்னால் படகில் எழுதிய பெயர் பொய்யாகிவிடும்.

பதில் சொல்லும் காட்சியை எழுதினால் விளக்கவுரை மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

நான் அதிகம் சிவப்பு மை வைப்பது இந்த இடத்தில்தான். பழைய டைரி கிடைக்கிறது, அல்லது ஒரு முதியவர் மூச்சு விடாமல் நான்கு பக்கம் பேசுகிறார். பதில் சொல்கிறோம் என்று சொல்பவருக்கே தெரிந்திருப்பதுதான் கோளாறு. தெரியாதவர் வாயால் சொல்ல வையுங்கள்.

டிசம்பர் 23க்குப் பிறகு அந்தோணி அண்ணனைத் தேடிக் கிளம்புகிறான். தண்டவாளம் போய்விட்டது, நடந்துதான் போக வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய சோற்றுத் தூக்குச்சட்டியோடு வாசலில் நிற்கிறான். சூசையம்மாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் போக வேண்டியதில்லை. அவள் வாயைத் திறக்கிறாள். அத்தியாயத்தை அங்கே வெட்டுங்கள். 'சொன்னாளா?'

அடுத்த அத்தியாயம் இன்று. அந்தோணியின் மகன், இப்போது எழுபதைத் தொட்டவர், ரீத்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெருமையாகப் பேசுகிறார்:

"எங்கப்பா மணல்ல கிடந்த பொணத்தை ஒவ்வொண்ணாப் புரட்டிப் பாத்தாகளாம். அண்ணன் கால்ல ஒரு தழும்பு, அதை வச்சு அடையாளம் பாக்கலாம்னு. திரும்பி வந்தப்புறம் ஒரு மாசம் மீன் திங்கல. மதினிதான் கஞ்சி காய்ச்சி ஊத்துனாகளாம்."

குடும்பப் பாசத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறார் அவர். ரீத்தாவும் அப்படித்தான் கேட்கிறாள். வாசகர் ஒருவர்தான் பதிலைக் கேட்கிறார்: அவள் சொல்லவில்லை. அவனைப் போகவிட்டாள், பிணங்களைப் புரட்டவிட்டாள், வந்ததும் கஞ்சி ஊற்றினாள். காட்சியில் யாரும் எதையும் விளக்கவில்லை. 'கஞ்சி' என்ற சின்ன விவரம் அடுத்த பழைய அத்தியாயத்தில் வரும்போது, அந்தக் கஞ்சியை அவள் என்ன நினைப்போடு கிண்டினாள் என்பது புதுக் கேள்வியாகிவிடுகிறது.

இன்றைய கதாபாத்திரம் துப்பறிபவராகவே இருக்கிறார், உயிர் வரவில்லை. ஏன்?

அவருக்குச் சொந்தத் தொல்லை இல்லாததால். 'வேர்களைத் தேடி' ஊருக்கு வரும் பேரன் பேத்திகளை நிறையப் பார்த்தாயிற்று. ஆர்வத்தால் மட்டும் தேடுபவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அதனால் இழுவை இருக்காது. ரீத்தாவுக்கு மனை வேண்டும். அதைக் காட்டி வங்கிக் கடன் வாங்கினால்தான் கணவன் படகுக்கு எஞ்சின் வைக்க முடியும். அவளுக்குத் தாத்தாவைப் பற்றி அக்கறையே வேண்டாம், ஒரு கைநாட்டு கிடைத்தால் போதும். அவளுக்கு அவசரம், பாட்டிக்குப் பிடிவாதம். இந்த மோதல் புயல் இல்லாமலே ஒரு கதையாக ஓட வேண்டும்.

அப்புறம் ஒன்று. இன்று நடப்பது, அன்றைய விளைவை மாற்றக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். பாட்டி உண்மையைச் சொன்னால் படகின் பெயர் என்ன ஆகும்? இரண்டு வீட்டு உறவு என்ன ஆகும்? முடிந்துபோன விஷயத்தைத் தோண்டினாலும் இன்று ஒரு இழப்பு நேர வேண்டும்.

காலத்தை எப்படி மாற்றிக் காட்டுவது? அன்றும் அலை, இன்றும் அலை என்று இணைக்கலாமா?

ஒருமுறை இணைக்கலாம். எல்லா அத்தியாயமும் அலையில் முடிந்து அலையில் தொடங்கினால் வாசகருக்கு மயக்கம் வரும். இரண்டு காலத்தையும் இணைப்பது கேள்விதான், காட்சி ஒற்றுமை அதற்கு மேல் பூச்சு.

ஆனால் இந்தக் கரையில் உண்மையிலேயே சில பொருத்தங்கள் கிடைக்கின்றன, விடாதீர்கள். 1964–65 குரோதி வருடம். அறுபது ஆண்டு சுற்றி 2024–25உம் குரோதி. 1965 ஜனவரியில் தீவுக்கு ரயில் கிடையாது, புயலில் பாம்பன் பாலம் உடைந்து பழுதுபார்ப்பு நடந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியிலும் தீவுக்கு ரயில் கிடையாது. பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் நிறுத்தினார்கள், புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. ஆகவே வக்கீலைப் பார்க்க ராமநாதபுரம் போகும் ரீத்தா பேருந்தில்தான் போவாள். கூட வரும் பாட்டி சாலைப் பாலத்தில் ஜன்னல் வழியே ரயில் பாலத்தைப் பார்த்துவிட்டு "அப்பவும் இப்படித்தான் ரயில் இல்லாமக் கெடந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாலே மாற்றத்துக்குப் போதும்.

பழைய காலத்து விவரங்களில் எங்கே அதிகம் தவறு வருகிறது?

பேருந்தில்தான். 1964இல் யாரையும் பாம்பன் பாலத்தில் பேருந்தில் கொண்டுவர முடியாது. சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது, அதுவரை ரயில் அல்லது படகு. இன்று அரிச்சல்முனை வரை போகும் சாலையும் 2017இல் வந்ததுதான். இதை வெறும் தகவல் பிழை என்று நினைக்காதீர்கள், கதையே சரியும். யார் கண்ணிலும் படாமல் தப்பிப் போக ஒரே வழி கடல் என்பதால்தான் சவரிமுத்து தோணி ஏறுகிறான்.

அன்றைய மாநிலத்தின் பெயர் மதராஸ். ராமநாதபுரம் மாவட்டம் இன்று இருப்பதைவிடப் பெரியது, மூன்றாகப் பிரிந்தது 1985இல். இரவுக்காட்சி எழுதுபவர்களுக்கு இன்னொன்று: 1964 டிசம்பர் 19 பௌர்ணமி. 22ஆம் தேதி இருட்டாக இருந்தது என்றால் அது மேகம் மூடிய இருட்டு. 'அமாவாசை இருள்' என்று எழுதிய கைப்பிரதியும் வந்திருக்கிறது.

ரயிலில் இறந்தவர்கள் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லி நிறுத்தாதீர்கள். நூற்றுக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. சீட்டு எடுக்காமல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. நம் கதைக்கு அந்தக் குழப்பமே உயிர். பட்டியலில் பெயர் இல்லாதது சவரிமுத்து சாகவில்லை என்பதற்குச் சான்றாகாது, அதனால்தான் ஊர் நம்பியது.

இரண்டு இழைகளையும் சேர்த்து எழுத வேண்டுமா, தனித்தனியாகவா?

நான் சொல்வது, தனித்தனியாக எழுதி, பிறகு வெட்டிப் பின்னுவது. சேர்த்து எழுதினால் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் கொக்கி போட வேண்டும் என்ற கவலையில் காட்சி கெட்டுப்போகிறது. பழைய இழையை முழுசாக எழுதினால் சூசையம்மாளின் மனம் எப்படி நகர்கிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

பிறகு அத்தியாயத்துக்கு ஒரு அட்டை. அதில் மூன்று வரி: எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்வியைக் கிளப்புகிறது, முடிவில் வாசகருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாதது என்ன. முதல் வரி காலியான அட்டை இரண்டு அடுத்தடுத்து வந்தால் பின்னல் அங்கே அவிழ்ந்திருக்கிறது. மூன்றாம் வரி எல்லா அட்டையிலும் காலி என்றால் நீங்கள் எழுதியது துப்பறியும் கதை. அதுவும் நல்லதுதான், ஆனால் அதற்கு இரண்டு காலம் தேவையில்லை.

அட்டைகளை அடுக்கும்போது சம நீளம், ஒன்றுவிட்டு ஒன்று என்ற கணக்கெல்லாம் வேண்டாம். புயலை ஒட்டிய நாட்களில் அன்றைய இழை மூன்று அத்தியாயம் தொடர்ந்து ஓடலாம்.

கடைசியில் இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமா?

பெரிய கேள்விக்கு இரண்டு இழையும் சேர்ந்தால்தான் பதில் வர வேண்டும், அவ்வளவுதான். நம் கதையில் பாட்டி ரீத்தாவிடம் சொல்வது ஒரே வரி: "ஊரு சொல்லுச்சு, நான் சொல்லல." அதற்கு முந்தைய அத்தியாயம் 1964 டிசம்பர் கடைசி. வீட்டில் ஒப்பாரி. எல்லாப் பெண்களும் பாடி அழ, சூசையம்மாள் அழுகிறாள், ஆனால் 'போயிட்டாரே' என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்கவில்லை. பிறர் பொய்க்குள் வாழ்ந்தவள் தன் விரலால் அதைப் பதிக்க மறுக்கிறாள். ஒப்பாரி இல்லாமல் பாட்டியின் வரி வெறும் பிடிவாதம். பாட்டியின் வரி இல்லாமல் ஒப்பாரி ஒரு சோகக்காட்சி.

சவரிமுத்து மன்னாரில் கரையேறினானா என்று சொல்லத் தேவையில்லை. கதை அதை ஒரு அத்தியாயத்திலும் முதன்மைக் கேள்வியாக வைக்கவில்லை. கைநாட்டு விவகாரத்தைப் பாதியில் விட்டால்தான் வாசகர் திட்டுவார். வக்கீல் அந்த வரியை 'பல வருடங்களாக எந்தத் தகவலும் இல்லை' என்று மாற்றி எழுதிக் கொடுத்தால் பாட்டி வைப்பாரா? அது உண்மையான வாக்கியம், வைப்பார். மனை கிடைக்கும். படகின் பெயர் அப்படியே இருக்கும். இனி அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் உண்மை தெரிந்தவர் இரண்டு பேர்.

அத்தியாயத் தலைப்பில் வருடம் போடலாமா?

போடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 'தனுஷ்கோடி, மார்கழி 1964' என்று ஒரு வரி இருந்தால் முதல் பத்தியில் காலத்தைத் திணிக்கும் வேலை மிச்சம்.